அரணும் உலையும்: ஊவாத் தோட்டங்களில் மனிதப் பாதுகாப்பு

பாதுகாப்பு என்ற சொல்லை அரசுகள் நெடுங்காலமாக ஒரே பொருளில் வழங்கிவந்தன. காக்கப்பட வேண்டியவை நாட்டின் எல்லையும் ஆட்சியும். ஆபத்து அயல்நாட்டுப் படையிடமிருந்து வரும், அல்லது உள்நாட்டுக் கிளர்ச்சியிலிருந்து எழும். அதைத் தடுக்கப் படையும் காவல்துறையும் அவசரகாலச் சட்டமும் உண்டு. எல்லை குலையாமலும் ஆட்சி கவிழாமலும் இருந்தால் நாடு பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டப்படும். அந்த எல்லைக்குள் எத்தனை வீடுகளில் உலை ஏறவில்லை, எத்தனை குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை என்பவை இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

தமிழ் மரபில் பாதுகாப்பு இவ்வளவு குறுகியதாக இருந்ததில்லை. திருக்குறளின் ‘நாடு’ அதிகாரம் பசி, நோய், பகை என்ற மூன்றும் அண்டாத நிலத்தையே நாடு என்று கொள்கிறது. பகை அங்கே மூன்றாவதாகத்தான் வருகிறது. பிற்கால அரசுகள் பசியை உணவு அமைச்சுக்கும் நோயைச் சுகாதார அமைச்சுக்கும் ஒதுக்கிவிட்டு, பகையை மட்டுமே பாதுகாப்பு என்ற பெயரில் வைத்துக்கொண்டன. பணமும் அதிகாரமும் அவசரமும் அந்தப் பெயரோடு சேர்ந்தே போயின.

இந்தப் பிரிவினையை உலக அரங்கில் கேள்விக்கு உட்படுத்தியது ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1994இல் வெளியிட்ட மனித அபிவிருத்தி அறிக்கை. அதன் பின்னால் இருந்தவர் பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சரும் பொருளியலாளருமான மஹ்பூப் உல் ஹக். பனிப்போர் முடிந்து, படைச்செலவு குறையும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம் அது. பாதுகாப்பு யாருக்கு, எதிலிருந்து என்ற இரண்டு கேள்விகளையும் அறிக்கை புதிதாகக் கேட்டது. முதல் கேள்விக்கு அது தந்த விடை, தனி மனிதருக்கு என்பது. இரண்டாவதற்கு அச்சத்திலிருந்தும் வறுமையிலிருந்தும் என்று விடை தந்து, வருமானம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனியாள், சமூகம், அரசியல் என ஏழு துறைகளை வகுத்தது. சதாக்கோ ஒகாட்டா, அமர்த்தியா சென் இருவரின் தலைமையில் இயங்கிய மனிதப் பாதுகாப்பு ஆணையம் 2003இல் இந்தக் கருத்தை விரித்தெழுதியது. 2012இல் ஐ.நா. பொதுச்சபையும் ஒரு தீர்மானத்தின் மூலம் அதற்கு இசைவு தெரிவித்தது.

இந்தக் கருத்தின் வலுவைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம், படைகள் மோதிய போர்க்களத்தைவிட, படை எதுவும் வராமலே மக்கள் மடிந்த ஓர் இடம்தான். இலங்கையின் மலையகத் தோட்டங்கள் அப்படிப்பட்டவை. பேரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், தியலும அருவிக்கு மேலே இருக்கும் கொஸ்லந்தவும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் எந்த நாட்டின் எல்லையிலும் இல்லை. ஆயினும் அங்கே வாழ்ந்த மக்களை அரசு பல பத்தாண்டுகளாக ஓர் எல்லைப் பிரச்சினையாகவே பார்த்தது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலானோர் அச்சட்டத்தின்படி குடியுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. இரண்டு அரசுகளின் பார்வையில் இது ஒரு வெற்றி. அயலுறவில் இருந்த உறுத்தல் நீங்கியது, படை நகர்த்தல் இல்லை, எல்லையில் பதற்றம் இல்லை. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அரசை மையமாகக் கொண்ட பாதுகாப்புச் சிந்தனை இவ்வளவு வெளிப்படையாகச் செயற்பட்ட இடங்கள் அதிகம் இல்லை.

இது சட்டத்தோடு நின்ற விடயமா, உயிரையும் தொட்டதா என்பதற்கு 1973, 1974ஆம் ஆண்டுகள் விடை தந்தன. அதைப் புரிந்துகொள்ள, ஒரு லயக் காம்பராவுக்குள் உணவு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கிராமத்து விவசாயிக்கு வயலோ, வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலமோ, பலாமரமோ இருக்கும். லயத்தில் வாழ்ந்தவருக்கு அந்த நிலம் சொந்தமில்லை. காம்பராவும் தோட்டத்தினுடையதே. உணவு வர இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, பங்கீட்டு அட்டைக்குக் கிடைக்கும் கூப்பன் அரிசி. மற்றது, சம்பளத்தால் வாங்கும் அரிசியும் கோதுமை மாவும். சம்பளம் மாதச் சம்பளம் அன்று. காலையில் பெரட்டுக்குப் போய், வேலை கொடுக்கப்பட்டு, அந்த நாள் செக்ரோலில் ‘பேர்’ விழுந்தால்தான் கூலி. குறித்த றாத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். மழை குறைந்து கொழுந்து தளிர்க்காத மாதங்களில் வேலை நாட்களே குறைந்துவிடும். ஒரு குடும்பம் என்ன சாப்பிடும் என்பது கூப்பனையும் இந்தப் பேரையும் பொறுத்தது.

1973இல் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சீனி விலைகள் ஏறின. அந்த ஆண்டின் கடைசியில் எண்ணெய் விலையும் சேர்ந்துகொண்டது. தேயிலைக்கு அதற்கு ஈடான விலை கிடைக்கவில்லை. அந்நியச் செலாவணி வற்றிய அரசு இறக்குமதியைக் குறைத்தது, இலவசக் கூப்பன் அரிசியை வெட்டியது, மாவுக்கும் பாணுக்கும் விலையை உயர்த்தியது. இவை நாடு முழுவதையும் பாதித்த முடிவுகள். தோட்டங்களில் மட்டும் அவை உயிர்க்கொல்லியானதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது, நெல்லும் அரிசியும் தனியார் கைகளில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செல்வதைத் தடுத்த கட்டுப்பாடு. நெல் கொள்வனவு அரசின் ஏகபோகமாக இருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அரிசியைக் கொண்டுசெல்வோர் வீதித் தடைகளில் மறிக்கப்பட்டனர். நெல் விளைந்த ஊரில் இருந்தவருக்குக் கூப்பன் குறைந்தாலும் அயலில் அரிசி இருந்தது. நெல்லே விளையாத தேயிலை மலையில் கூப்பனுக்கு வெளியே அரிசி வரும் வழி அடைபட்டது. வந்த அரிசியின் விலை கூலிக்கு எட்டவில்லை.

இரண்டாவது, தோட்டங்களின் நிலை. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளுக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. கம்பனித் தோட்டங்கள் அதில் அகப்படவில்லை என்றாலும், அடுத்த முறை தங்களுக்குத்தான் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. 1975இல் அப்படியே நடந்தது. கைவிட்டுப் போகப்போகும் தோட்டத்தில் பசளைக்கோ களையெடுப்புக்கோ செலவு செய்ய யார் முன்வருவார்? வேலை நாட்கள் குறைந்தன, அதனால் பேரும் குறைந்தது. கூப்பனும் சம்பளமும் ஒரே சமயத்தில் சுருங்கின. மூன்றாவது வழி இல்லாத இடத்தில் அதன் பொருள் பட்டினி.

மக்கள் மாவைக் கஞ்சியாகக் கரைத்தார்கள், பிறகு கிழங்கையும் கீரையையும் தேடினார்கள். குடும்பம் குடும்பமாக நகரங்களுக்கு இறங்கி வீதியோரங்களில் பிச்சை எடுத்தார்கள். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். இலங்கை முழுவதற்குமான இறப்பு வீதமே 1973இல் ஆயிரத்துக்கு 7.7 ஆக இருந்தது, 1974இல் ஏறத்தாழ 9 ஆக உயர்ந்தது. ஒரே ஆண்டில் இப்படி ஏறுவது, அதுவரை இறப்பைத் தொடர்ந்து குறைத்துவந்த ஒரு நாட்டில் அசாதாரணம். அந்த உயர்வு எங்கே குவிந்திருந்தது என்று பிரித்துப் பார்த்தபோது தோட்டங்கள்தான் முன்னால் நின்றன. கைக்குழந்தைகளும் முதியோரும் அதிகம் இறந்தனர்.

பசியால் இறந்தவர் என்று பதிவேட்டில் எழுதப்படுவது அரிது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வயிற்றோட்டம், காய்ச்சல், நிமோனியா, பலவீனம் என்றே காரணம் எழுதப்படும். பட்டினியில் மெலிந்த உடலை முடிப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண நோய். ஆகவே பஞ்சத்தை இறப்புக் காரணங்களின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதே மாதங்களில் முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். குழந்தை இறப்பு, பிறப்பு எண்ணிக்கையின் வீழ்ச்சி, ஊரைவிட்டுப் போனோர் தொகை ஆகியவற்றை அருகருகே வைக்க வேண்டும். அப்போதுதான் பஞ்சத்தின் உருவம் தெரியும்.

இதே ஆண்டுகளில் அரசு பாதுகாப்பில் அசட்டையாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1971இன் கிளர்ச்சியை ஒட்டிப் பிறப்பிக்கப்பட்ட அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. பாதுகாப்புக் குறித்த விழிப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. அரிசி மூட்டையை மறிக்க வீதித் தடைகள் இருந்தன. லயத்தில் நடந்த சாவுகள் அவசரகாலம் என்று கருதப்பட்டவற்றுள் அடங்கவில்லை. அரசை மையமாகக் கொண்ட சிந்தனையின் குறை, அது மனிதரைப் பற்றி நினைக்காமல் இருப்பதோடு முடிவதில்லை. எதை ஆபத்து என்று எண்ண வேண்டும் என்பதையே அது முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

அமர்த்தியா சென் 1981இல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூல், பஞ்சம் என்பது நாட்டில் உணவு இல்லாமல் போவதாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டியது. இருக்கும் உணவைப் பெறுவதற்கான உரித்து ஒரு பிரிவினருக்கு அற்றுப்போவதே பஞ்சம். தோட்டங்களின் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. சென் பின்னர் இன்னொன்றையும் வலியுறுத்தினார். தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்படுவதில்லை, ஏனெனில் ஆட்சியாளர் வாக்குக்கு அஞ்சுவர் என்பது அவருடைய வாதம். இலங்கையில் 1931 முதல் சர்வசன வாக்குரிமை இருந்தது. அப்படியானால் 1974இன் தோட்டங்கள் அந்த வாதத்தைப் பொய்யாக்குகின்றனவா? மாறாக, அதை இன்னும் கூர்மையாக்குகின்றன. நாட்டில் வாக்கு இருந்தது, லயத்தில் பெரும்பாலானோருக்கு இல்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்திய காங்கிரசார் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் அங்கே போனது 1977இல்தான். கூப்பனை வெட்டியபோது தோட்டத்து வாக்கை இழப்போம் என்று அஞ்ச வேண்டிய தேவை எந்தக் கட்சிக்கும் இருக்கவில்லை. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைக்கும் 1974இல் இறந்த குழந்தைக்கும் இடையிலான இணைப்பு இதுதான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கலாம் என்பதற்கு அதே தோட்டங்களிலேயே சான்று உண்டு. 1942இல் பர்மா ஜப்பானியரின் கையில் வீழ்ந்ததும் பர்மா அரிசியை நம்பியிருந்த வங்காளத்துக்கும் இலங்கைக்கும் அது நின்றுபோனது. வங்காளத்தில் அடுத்த ஆண்டு இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். போர்க்கால விலையேற்றத்தைக் கிராமத்துக் கூலிகளால் எட்டிப்பிடிக்க முடியாமல் போனதை அந்தப் பஞ்சத்தின் முக்கிய காரணமாகச் சென் காட்டினார். இலங்கையில் ஆளுக்கு ஆள் பங்கீட்டு அட்டை வழங்கப்பட்டது, அரிசிக் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. வங்காளத்தைப் போன்ற பேரழிவு ஏற்படவில்லை. தோட்டத் தொழிலாளரும் அந்தப் பங்கீட்டில் இருந்தார்கள். போர்க்காலப் பிரித்தானியாவுக்குத் தேயிலை இன்றியமையாததாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சோறு உரிமையாக வந்ததா, தேயிலையின் பொருட்டு வந்ததா என்ற கேள்வி முக்கியமானது. தேயிலையின் பொருட்டு வந்த சோறு, தேயிலையின் மதிப்பு இறங்கியதும் இறங்கிவிடும்.

நோயிலும் இதே இரண்டு பார்வைகள் அருகருகே இருந்ததைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்துவந்த தொழிலாளரில் பலர் வாந்திபேதியால் வழியிலேயே இறந்தார்கள். பின்னாளில் தமிழ்நாட்டுக் கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில் ஒரு தடுப்பு முகாம் அமைந்தது. தோட்டத்துக்கு வருவோர் அங்கே சில நாட்கள் தங்கவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டார்கள், அம்மைப்பால் குத்தப்பட்டார்கள், உடைமைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. முகாமின் நோக்கம் தீவுக்குள் பெரியம்மையும் வாந்திபேதியும் பிளேக்கும் நுழையாமல் தடுப்பது. அந்த அளவில் அது பயன்பட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தொழிலாளி நோயை ஏந்திவரும் ஒரு பொருளாக மட்டுமே இருந்தார். எல்லையைக் கடந்து லயத்துக்குப் போன பிறகு அவருக்கு என்ன நோய் வருகிறது என்பது முகாமின் கவலை அன்று.

லயத்தில் காத்திருந்தது கொளுக்கிப்புழு. அதன் வாழ்க்கை வட்டமே தோட்டத்து வாழ்க்கையை ஒட்டியது. மலசலகூடம் இல்லாத இடத்தில் மலம் மண்ணில் விழும். நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் முட்டை பொரித்துக் குடம்பியாகும். தேயிலை நிரைக்குள் செருப்பின்றி நடக்கும் காலின் தோலைத் துளைத்து அது உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் கொக்கியிட்டுத் தங்கும். ஒரு புழு உறிஞ்சும் இரத்தம் சொற்பம். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் உடல் வெளிறிப்போகும். காய்ச்சலைப் போல் படுக்கையில் தள்ளாது. மூச்சிரைக்கும், கால் கனக்கும், மலை ஏற முடியாது. வெளியிலிருந்து பார்த்த துரைக்கு இது சோம்பலாகத் தெரிந்தது.

ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் மாத்தளையில் தொடங்கி இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிராக இயங்கியது. தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள், புழுக்கள் விழுந்தன. சில மாதங்களில் மறுபடி புழு ஏறிவிட்டது. மண் மாறவில்லை, மலசலகூடம் கட்டப்படவில்லை. அதைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் விரும்பவில்லை. மருந்து ஒரு நாள் வேலை, கழிவறை ஒவ்வொரு லயத்துக்குமான செலவு. இந்த அனுபவம் கற்றுத்தந்த பாடத்தின் வழியே 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. தாய்சேய் நலம், சுகாதாரக் கல்வி, வீடுவீடான மேற்பார்வை எல்லாம் ஒரே பிரிவின் கீழ் வந்தன. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு அதுவே வித்து. தோட்டங்களில் நடந்த வேலையிலிருந்து பிறந்த இந்த அமைப்பு கிராமங்களுக்குப் பரவியது. தோட்டங்களோ நீண்டகாலம் அதற்கு வெளியே, நிருவாகத்தின் சொந்த மருந்தகங்களை நம்பியே கிடந்தன.

பசியும் நோயும் ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்க்கின்றன என்பதைக் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் நாளில் காணலாம். குருதிச்சோகை உள்ள பெண் மேட்டில் ஏறும்போது களைக்கிறாள், கொழுந்து குறைகிறது. தராசில் எடை போதாததால் அரைப்பேர் விழுகிறது. அந்த மாதச் சம்பளத்தில் ரொட்டிக்கு மா வாங்கியது போக, கீரையும் பருப்பும் முட்டையும் வாங்க ஏதும் மிஞ்சுவதில்லை. சோகை ஆழமாகிறது. அவள் கருவுற்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. பிள்ளைக் காம்பராவில் விடப்படும் அந்தக் குழந்தை அடிக்கடி வயிற்றோட்டத்துக்கு ஆளாகிறது, உயரம் தேங்குகிறது. பதினைந்து இருபது ஆண்டுகளில் அதே குழந்தை கூடையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறது. இந்த வட்டத்தில் வருமானம் எங்கே முடிகிறது, உணவு எங்கே தொடங்குகிறது, உடல்நலம் எங்கே வருகிறது என்று கோடு போட முடியாது. 1994 அறிக்கையின் ஏழு துறைகளைத் தனித்தனி அறைகளாக வாசிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

2016ஆம் ஆண்டு இந்த இரண்டு பார்வைகளையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற நோய் அது. நடுவே நெடிய போரையும் தாண்டி அதை ஒழித்தது உண்மையான சாதனை. அதே ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவாய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவ 17.3 வீதம் என்றும், தோட்டங்களில் 31.7 வீதம் என்றும் கண்டது. நுளம்பை மருந்தடித்தும் இரத்தம் சோதித்தும் துரத்தலாம். மத்தியிலிருந்து வரும் கட்டளை அதற்குப் போதும். குன்றிய உயரத்தை அப்படி நிமிர்த்த முடியாது. அதற்குத் தாயின் கூலி, லயத்தின் நீர், கழிவறை, பிள்ளைக் காம்பரா எல்லாம் மாற வேண்டும். கட்டளைக்குப் பழகிய அரசுகள் முதல் வகை நோயில் வல்லவையாகவும் இரண்டாவதில் தயங்குபவையாகவும் இருப்பதில் வியப்பில்லை.

2021, 2022ஆம் ஆண்டுகளில் பழைய வழிமுறை மறுபடி இயங்கியது. 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. தேயிலை விளைச்சல் 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்தது, அடுத்த ஆண்டு 251 மில்லியனாக விழுந்தது. நாட் சம்பளம் 1,000 ரூபாவாக 2021 மார்ச்சில் உயர்த்தப்பட்டிருந்தாலும், அதற்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவைப் பல தோட்டங்கள் கூட்டியிருந்தன. செடியில் கொழுந்து இல்லாதபோது அந்த அளவை எட்ட முடியவில்லை, அரைப்பேர் திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றது. கோதுமை மாவின் விலை மும்மடங்குக்கு மேல் ஏறியது. தோட்டத்தில் ரொட்டிதான் காலையும் இரவும் என்பதால் வேறெவரையும்விட அது அங்கே கடுமையாக அடித்தது. நாட்டிலேயே உணவுப் பாதுகாப்பின்மை மிகுந்த பிரிவாகத் தோட்டங்களை அந்த ஆண்டின் கணிப்புகள் காட்டின. 1974க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் நிலை முடிவுக்கு வந்திருந்தது, வாக்கும் இருந்தது. தோட்டத்துப் பட்டினி இந்த முறை செய்தியானது, உதவியும் வந்தது.

கொஸ்லந்தவின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. அன்று காலை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர், வீட்டில் இருந்த பெற்றோர் பலர் மண்ணுக்குள் போயினர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்ததும் விலகிப் போக முதலில் போவதற்கு ஓர் இடம் வேண்டும். சொந்தக் காணி இல்லாதவருக்கு, வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டுண்டவருக்கு, அந்த இடம் எது? புதையுண்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே பல நாட்கள் நூற்றுக்கணக்கில் கூடியும் குறைந்தும் அலைந்தது. எஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் பிறகு மகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டபோது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. தொழிற்சாலைக் கூடத்தில் அத்தனை குடும்பங்கள் வாழ்ந்த அந்த இடைக்காலம், மண்சரிவு எப்படி உணவும் நோயும் பற்றிய பிரச்சினையாக உருமாறுகிறது என்பதற்கான இன்னொரு பாடம்.

மீரியபெத்தவில் மண்ணைத் தோண்டியதும் வீடுகளைக் கட்டியதும் இராணுவமே. இதனால்தான் மனிதப் பாதுகாப்பை அரசுக்கு எதிரான கொள்கையாகப் படிப்பது பிழை. கூப்பன், தடுப்பூசி, மலசலகூடம், எச்சரிக்கைக்குப் பின் மாற்றுக் காணி, எதுவும் அரசு இல்லாமல் பரவலாகக் கிடைப்பதில்லை. மாறுவது அரசு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே.

இந்தக் கருத்துக்கு எதிரான வாதங்களில் இரண்டைக் கருத்தில் கொள்ளாமல் விட முடியாது. ஏழு துறைகளையும் பாதுகாப்பு என்று அழைத்தால் எதுதான் பாதுகாப்பு அன்று, எதை முதலில் செய்வது என்று அரசறிவியலாளர் ரோலண்ட் பாரிஸ் 2001இல் கேட்டார். கேள்வி நியாயமானது. 1974இன் தோட்டங்கள் அதற்கு ஒரு வழி காட்டுகின்றன: திடீரென, பெருந்தொகையாக, மீள முடியாதபடி உயிரைக் கெடுப்பது எதுவோ அதற்கே முதலிடம். கூப்பன் வெட்டு அந்த வகையைச் சேர்ந்தது. நீண்டகால வறுமை அடுத்த படியில் நிற்கும். இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. நோயையும் பசியையும் பாதுகாப்பு என்று பெயரிட்டால் அவற்றைக் கையாளப் படையின் முறைகளே வந்துவிடும் என்பது அது. மண்டபம் முகாம் இந்த அச்சம் வெறுங்கற்பனை அல்ல என்று காட்டுகிறது. நோயாளியே ஆபத்தாகக் கருதப்பட்டு, நோயை உண்டாக்கிய சூழல் தொடப்படாமல் விடப்படும். 2012இன் ஐ.நா. தீர்மானம் மனிதப் பாதுகாப்பின் பெயரால் படைபலம் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக எழுதிவைத்ததற்கு இப்படிப்பட்ட ஐயங்களே காரணம்.

ஒரு தோட்டத்தில் மனிதப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அறியப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. குடும்பநல உத்தியோகத்தரின் எடை அட்டைகளில் எத்தனை குழந்தைகளின் கோடு இரண்டு மாதமாகக் கீழே சாய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். செக்ரோலில் இந்த மாதம் அரைப்பேர் எத்தனை, போன ஆண்டு இதே மாதம் எத்தனை என்று ஒப்பிடலாம். கடைக் கணக்கில் மாவுக்கான கடன் ஏறுகிறதா, பருப்பும் கருவாடும் அந்தக் கணக்கிலிருந்து மறைந்துவிட்டனவா என்பதும் தெரியும். பள்ளிக்குக் காலையில் சாப்பிடாமல் வருவோரை ஆசிரியர் அறிவார். பட்டினி இறப்புப் பதிவேட்டுக்குப் போவதற்கு முன் இந்த ஏடுகளில்தான் முதலில் எழுதப்படுகிறது. தோட்டத்து மருந்தகம், பிள்ளைக் காம்பரா, செக்ரோல், சங்கக்கடை, பள்ளிக்கூடம் என்று அவை ஐந்து இடங்களில் ஐந்து பேரின் பொறுப்பில் கிடக்கின்றன. அவற்றை மாதம் ஒருமுறை ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பது பிரதேச செயலகத்தின் வேலையாக இருந்தால், கோடு சாயத் தொடங்கிய மாதத்திலேயே அது தெரியவரும்.